சூழல் தடமும் கார்பன் தடமும்: ஒரு பட்டர்வொர்த் வீட்டை வைத்துக் கணக்கு

கேள்வி: "நிலைத்தன்மை பற்றிய கட்டுரையில் 'மலேசியாவின் எக்கோலாஜிக்கல் புட்பிரிண்ட், அதாவது கார்பன் புட்பிரிண்ட்' என்று எழுதியிருந்தேன். விரிவுரையாளர் சிவப்பு மையில் கோடு போட்டு, 'இரண்டும் ஒன்றல்ல' என்று எழுதிவிட்டார். என்ன வித்தியாசம்? பயோகெப்பாசிட்டி, ஓவர்ஷூட் என்பதை எல்லாம் எப்படிச் சரியாக எழுதுவது? பட்டர்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டையே உதாரணமாக வைக்கலாமா? நாங்கள் நான்கு பேர். மாதம் 350 யூனிட் மின்சாரம், 80 லிட்டர் பெட்ரோல், வருடத்துக்கு எட்டு கேஸ் தோம்பு."

தாராளமாக வைக்கலாம். வீட்டுக் கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் நான்கு சொற்களும் தாமாகவே பிரிந்து நிற்கும். அதற்கு முன் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார்பன் தடம் எடையைச் சொல்கிறது, சூழல் தடம் பரப்பளவைச் சொல்கிறது. ஒன்று "வருடத்தில் எத்தனை கிலோ வாயு வெளியே போனது?" என்று கேட்கிறது. மற்றது "நீங்கள் தின்றதையும் எரித்ததையும் விளைவிக்க, வெளியேற்றியதை உறிஞ்ச, எத்தனை ஹெக்டேர் நிலமும் கடலும் வருடம் முழுக்க உழைக்க வேண்டும்?" என்று கேட்கிறது. உங்கள் விரிவுரையாளர் கோடு போட்டது இதனால்தான். எடையையும் பரப்பையும் "அதாவது" என்ற சொல்லால் இணைக்க முடியாது.

முதலில் கார்பன் தடம். மின்சாரம் மாதம் 350 யூனிட் என்றால் வருடத்துக்கு 4,200 யூனிட். தீவகற்ப மலேசியாவில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் இயற்கை எரிவாயுவிலும் இருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.77 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணை எரிசக்தி ஆணையம் வட்டார வாரியாக வெளியிடுகிறது. சரவாக்கின் எண்ணை எடுத்துவிடாதீர்கள். அங்கே அணைக்கட்டு மின்சாரம் அதிகம் என்பதால் அது மிகவும் குறைவாக இருக்கும். 4,200-ஐ 0.77-ஆல் பெருக்கினால் 3,234 கிலோ. பெட்ரோல் வருடத்துக்கு 960 லிட்டர். லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 2,208 கிலோ. கேஸ் தோம்பு ஒன்றில் 14 கிலோ, எட்டுத் தோம்பில் 112 கிலோ. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயு, ஆக 336 கிலோ. எல்லாம் சேர்த்து 5,778 கிலோ, அதாவது வருடத்துக்கு சுமார் 5.8 டன்.

14 கிலோ எரிவாயு எப்படி 42 கிலோ கரியமில வாயு ஆகும் என்று விரிவுரையாளர் கேட்டால் தடுமாற வேண்டாம். எரியும்போது எரிபொருளில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கூடிய எடை அந்த ஆக்சிஜனுடையது.

இப்போது இதே வீட்டின் சோற்றுப் பானையைப் பார்ப்போம். ஆளுக்கு வருடம் 80 கிலோ அரிசி என்று வைத்தால் நான்கு பேருக்கு 320 கிலோ. நெல்லைக் குத்தினால் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாக மிஞ்சும் என்பதால் அது ஏறக்குறைய 490 கிலோ நெல். நெல் வயலில் தண்ணீர் நிற்கும்போது அடிமண்ணில் ஆக்சிஜன் இல்லாமல் போகிறது, அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளிவிடுகின்றன. ஐபிசிசி எனும் ஐ.நா. காலநிலைக் குழுவின் 2006 வழிகாட்டியில் தண்ணீர் தொடர்ந்து நிற்கும் வயலுக்கு நாளொன்றுக்கு ஹெக்டேருக்கு 1.3 கிலோ மீத்தேன் என்று ஒரு அடிப்படை எண் உண்டு. 110 நாள் பயிர் என்றால் ஹெக்டேருக்கு 143 கிலோ. ஒரு போகத்தில் ஹெக்டேருக்கு 4 டன் நெல் என்று வைத்தால், உங்கள் 490 கிலோ நெல்லுக்குரிய பங்கு சுமார் 17.5 கிலோ மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 27 மடங்கு சூடேற்றும். அதனால் இது சுமார் 470 கிலோ "கரியமில வாயு நிகர்" ஆகிறது. "நிகர்" என்ற அந்தச் சொல் சும்மா ஒட்டியதல்ல. வேறு வாயுக்களையும் கரியமில வாயுவின் எடைக்கு மாற்றிச் சேர்த்திருக்கிறோம் என்பதற்கான அடையாளம் அது. ஆக மின்சாரம், பெட்ரோல், எரிவாயு, அரிசி நான்கும் சேர்ந்தால் வீட்டின் கார்பன் தடம் 6.2 டன்னைத் தாண்டுகிறது.

அடுத்து சூழல் தடம். 1990-களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மத்தீஸ் வாக்கர்நாகெலும் உருவாக்கிய முறை இது. இதில் தடத்துக்கு ஆறு பகுதிகள்: பயிர் நிலம், மேய்ச்சல் நிலம், மீன்பிடிப் பரப்பு, மரத்துக்கான காடு, கட்டடமும் சாலையும் எழுந்த நிலம், கடைசியாக கரியமில வாயுவை உறிஞ்சத் தேவைப்படும் காடு. ஆறாவதுதான் "கார்பன்" என்ற பெயரில் வருகிறது. குழப்பம் பிறக்கும் இடமும் அதுதான்.

உங்கள் வீட்டின் 5.8 டன்னைப் பரப்பாக மாற்றுவோம். வெளியே போன வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது, அதைக் கழித்தால் சுமார் 4.35 டன். உலகச் சராசரிக் காடு ஒரு ஹெக்டேருக்கு வருடம் சுமார் 2.7 டன் கரியமில வாயுவை உறிஞ்சும் என்று கணக்கில் கொள்கிறார்கள். வகுத்தால் 1.6 ஹெக்டேர் காடு. கடைசிப் படி, அதை "உலக ஹெக்டேர்" ஆக்குவது. இணையத்தில் gha என்று நீங்கள் பார்க்கும் அலகு இதுதான். உலகச் சராசரி விளைதிறன் கொண்ட ஒரு ஹெக்டேர் என்று பொருள். ஒரு ஹெக்டேர் சராசரிக் காடு ஏறக்குறைய 1.3 உலக ஹெக்டேருக்குச் சமம், பயிர் நிலம் சுமார் 2.5, மேய்ச்சல் நிலம் அரைக்கும் சற்றுக் குறைவு. 1.6-ஐ 1.3-ஆல் பெருக்கினால் சுமார் 2.1 உலக ஹெக்டேர் வருகிறது. நாடுகளின் தடக் கணக்கு ஆண்டுதோறும் புதுப் பதிப்பாக வருகிறது, ஒவ்வொரு பதிப்பிலும் இந்தக் குணகங்கள் கொஞ்சம் நகரும். எந்தப் பதிப்பு என்று அடிக்குறிப்பில் போட்டுவிடுங்கள்.

நான் 5.8-ஐ எடுத்தேன், 6.2-ஐ எடுக்கவில்லை. கவனித்தீர்களா? மாணவர் கட்டுரைகளில் அதிகம் பார்க்கும் பிழை இதில்தான் இருக்கிறது. மீத்தேனையும் சேர்த்த "நிகர்" எண்ணை அப்படியே காட்டுப் பரப்பாக மாற்றிவிடுகிறார்கள். மரம் உறிஞ்சுவது கரியமில வாயுவை மட்டுமே. மீத்தேன் காற்றிலேயே வேதிவினையில் சிதைந்து மறையும் வாயு, அதை உறிஞ்ச எத்தனை ஹெக்டேர் காடு வேண்டும் என்ற கேள்விக்கே பொருள் கிடையாது. அதனால் சூழல் தடத்தின் கார்பன் பகுதி கரியமில வாயுவை மட்டும் எடுத்துக்கொள்கிறது, மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் விட்டுவிடுகிறது. ஆகவே "கார்பன் தடம் சூழல் தடத்தின் ஒரு பகுதி" என்று எழுதினாலும் பாதிதான் சரி. கரியமில வாயு உள்ளே இருக்கிறது, மற்ற வாயுக்கள் வெளியே நிற்கின்றன.

அதே அரிசி சூழல் தடத்தில் எப்படி வருகிறது என்று பாருங்கள். அங்கே மீத்தேன் இல்லை, நிலம்தான் கணக்கு. 490 கிலோ நெல்லை உலகச் சராசரி விளைச்சலான ஹெக்டேருக்குச் சுமார் 4.7 டன்னால் வகுத்தால் 0.104 ஹெக்டேர். பயிர் நிலத்தின் 2.5-ஆல் பெருக்கினால் 0.26 உலக ஹெக்டேர். ஒரே பானைச் சோறு ஒரு கணக்கில் வயலின் வாயுவாகவும் மறு கணக்கில் வயலின் பரப்பாகவும் நிற்கிறது. கட்டுரையில் இந்த ஒரு உதாரணத்தை வைத்தாலே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கிவிடும். தனியாக வரையறை எழுத வேண்டிய தேவைகூட இருக்காது.

மீனில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். பட்டர்வொர்த் பசாரில் ஒரு கிலோ கெம்போங்கும் ஒரு கிலோ தெங்கிரியும் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கெம்போங் மிதவை நுண்ணுயிர்களைத் தின்னும் சிறு மீன், உணவுச் சங்கிலியில் அதன் படிநிலை சுமார் 3.2. தெங்கிரி மீனைத் தின்னும் மீன், அதன் படிநிலை 4.5. ஒரு படி ஏறும்போது உண்டதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உடலாகிறது என்பது இம்முறையின் அனுமானம். 1.3 படி வித்தியாசம் என்றால் சுமார் 20 மடங்கு. ஒரு கிலோ தெங்கிரிக்குக் கடல் தர வேண்டிய அடிப்படை விளைச்சல், ஒரு கிலோ கெம்போங்குக்கு வேண்டியதைவிட அத்தனை மடங்கு அதிகம். கார்பன் தடத்தில் இந்த 20 மடங்கு தெரியவே தெரியாது. அங்கே படகு எரித்த டீசலும், ஐஸும், குளிர்பதனமும்தான் பேசும். இரண்டு மீனும் ஒரே படகில் வந்திருந்தால் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். கார்பனை மட்டும் பார்ப்பவருக்குக் கடலின் களைப்பு கண்ணில் படாது.

பயோகெப்பாசிட்டிக்கு வருவோம். தமிழில் உயிர்வளத் திறன் என்று எழுதலாம். தடம் தேவைப் பக்கம், உயிர்வளத் திறன் வரத்துப் பக்கம். ஒரு நாட்டின் நிலமும் கடலும் இன்றைய நிர்வாக முறையில், இன்றைய தொழில்நுட்பத்தில், ஒரு வருடத்தில் புதிதாக எவ்வளவு விளைவிக்க முடியும் என்பதே அது. சூத்திரம் எளிது:

```
உயிர்வளத் திறன் = பரப்பு × விளைச்சல் காரணி × சமன் காரணி
```

விளைச்சல் காரணி என்றால் அந்த நாட்டு நிலம் அதே வகை உலகச் சராசரி நிலத்தைவிட எத்தனை மடங்கு விளைகிறது என்பது. சமன் காரணி நாம் ஏற்கெனவே பயன்படுத்திய 2.5, 1.3 போன்ற எண். தடத்துக்கு ஆறு பகுதி, ஆனால் உயிர்வளத் திறனுக்கு ஐந்தே வகை நிலம். கார்பனுக்கென்று தனிக் காடு எங்கும் ஒதுக்கப்படவில்லை, மரம் தரும் காடுதான் அந்த வேலையையும் பார்க்க வேண்டும்.

மலேசியாவைப் பற்றி எழுதுகிறவர் இந்தச் சூத்திரத்தில் ஒரு கண்ணியில் கால் வைக்கும் வாய்ப்பு அதிகம். "உயிர்வளத் திறன் என்றால் இயற்கையின் ஆரோக்கியம்" என்று எழுதிவிடுவார்கள். ஒரு ஹெக்டேர் காட்டை அழித்துச் செம்பனை நட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். விளைச்சல் காரணி இரண்டுக்கும் ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும், காடாக இருந்தபோது 1.3 உலக ஹெக்டேர், பயிர் நிலமானதும் 2.5. காடு போனது, உயிர்வளத் திறன் ஏறிவிட்டது! கணக்கில் தவறு இல்லை. மனிதனுக்குப் பயன்படும் விளைச்சல் எவ்வளவு என்று மட்டுமே அது கேட்கிறது. இருவாட்சி எங்கே கூடு கட்டும், ஆற்றில் மண் கரைகிறதா என்று அது கேட்பதே இல்லை.

பீட் நிலமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சரவாக்கில் இப்படிப்பட்ட நிலம் அதிகம், சிலாங்கூர்க் கரையோரத்திலும் உண்டு. செம்பனைக்காகக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரடியில் மக்காமல் கிடந்த இலையும் வேரும் காற்றுப் பட்டு மக்கத் தொடங்கும். ஐபிசிசியின் ஈரநில வழிகாட்டியில் இத்தகைய செம்பனை நிலத்துக்குத் தரப்பட்ட அடிப்படை எண் ஹெக்டேருக்கு வருடம் 11 டன் கார்பன், அதாவது ஏறக்குறைய 40 டன் கரியமில வாயு. மேலே பார்த்த சராசரிக் காடு உறிஞ்சுவது 2.7 டன். அப்படியென்றால் வடித்த பீட் நிலத்தின் ஒரே ஒரு ஹெக்டேருக்கு ஈடுகொடுக்கப் பதினைந்து ஹெக்டேர் காடு வேண்டும். நாட்டுக் கணக்கின் கார்பன் பகுதியோ முக்கியமாகப் புதைபடிவ எரிபொருளைத்தான் பார்க்கிறது. செம்பனையை எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதினால், உயிர்வளத் திறன் எண்ணை மட்டும் காட்டி நிறுத்தாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பீட் நிலத்தின் வாயுவைப் பக்கத்தில் வைத்தால்தான் படம் முழுமையாகும்.

ஏற்றுமதியையும் மறக்கக் கூடாது. நாடுகளுக்குச் சொல்லப்படும் தடம் நுகர்வுத் தடம்: உள்நாட்டு உற்பத்தியின் தடத்தோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழிப்பது. இங்கே ஆட்டிய பாமாயில் இந்தியாவில் பலகாரம் பொரிக்கப் போனால், அந்த நிலத்தின் தடம் இந்தியர் கணக்கில் ஏறும். அந்த நிலத்தின் உயிர்வளத் திறன் மட்டும் மலேசியாவின் கணக்கிலேயே இருக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் செய்து வெளிநாட்டுக்குப் போகும் சிப்புக்கும் அப்படித்தான், அதற்குச் செலவான மின்சாரத்தின் தடம் வாங்குகிறவருடையது. ஆனால் ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு மலேசியா அளிக்கும் வாயுக் கணக்கில் அதே மின்சாரம் மலேசியாவின் பெயரில்தான் இருக்கும், ஏனென்றால் அது எல்லைக்குள் வெளியேறியதை எண்ணும் கணக்கு. இந்த இரண்டு எண்களையும் ஒரே பத்தியில் வைத்து ஒப்பிட்டுவிட்டுக் குழம்பிப்போன கட்டுரைகள் ஏராளம்.

இனி ஓவர்ஷூட், வரம்பு மீறல். இதையும் "பற்றாக்குறை" என்பதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ஒரு நாட்டின் தடம் அதன் உயிர்வளத் திறனைவிடப் பெரிதானால் அது உயிர்வளப் பற்றாக்குறை. மலேசியாவில் ஆளுக்குத் தடம் ஏறக்குறைய 4 உலக ஹெக்டேர், உயிர்வளத் திறன் 2-ஐச் சற்றே தாண்டும். இது பற்றாக்குறை. ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர், அங்கே உயிர்வளத் திறன் ஏறக்குறைய பூச்சியம், முழுக்கப் பற்றாக்குறை. இருந்தும் சிங்கப்பூர் பட்டினி கிடக்கவில்லை. ஒரு நாட்டுக்கு மூன்று வழி இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கலாம், தன் காட்டையும் மீனையும் வளர்வதைவிட வேகமாக எடுக்கலாம், அல்லது உறிஞ்ச ஆளில்லாத வாயுவை எல்லாருக்கும் பொதுவான வானத்தில் விடலாம்.

உலகம் முழுவதையும் ஒன்றாக எடுத்தால் முதல் வழி அடைபட்டுவிடுகிறது, பூமி யாரிடமும் இறக்குமதி செய்ய முடியாது. மற்ற இரண்டு வழிகள்தான் மிச்சம். அதற்குத்தான் ஓவர்ஷூட் என்று பெயர். 1970-களின் தொடக்கத்திலிருந்து உலகம் அந்த நிலையில் இருக்கிறது. நம் பாட்டன்மார் சொல்லும் சொல்லில் இது விதைநெல்லைக் குத்திச் சமைப்பது. அந்த வருடம் வயிறு நிறையும், பஞ்சம் உடனே கண்ணுக்குத் தெரியாது. அதனால் "ஓவர்ஷூட் நாளோடு பூமியின் வளங்கள் தீர்ந்துவிடுகின்றன" என்று எழுதாதீர்கள். தீர்ந்தது அந்த வருடத்தின் புது விளைச்சல். அதற்குப் பிறகு எடுப்பது சேமிப்பிலிருந்து.

ஓவர்ஷூட் நாள் என்பது உலகின் ஒரு வருடப் புது விளைச்சல் தீரும் நாள். அதைக் கணக்கிடுவது இப்படி:

```
உலக ஓவர்ஷூட் நாள் = (உலக உயிர்வளத் திறன் ÷ உலகத் தடம்) × 365
```

2025-க்கு அறிவிக்கப்பட்ட நாள் ஜூலை 24. அது வருடத்தின் 205-ஆவது நாள். 365-ஐ 205-ஆல் வகுத்தால் 1.78. செய்தித்தாளில் வரும் "1.8 பூமி தேவைப்படுகிறது" என்ற வாசகம் இதே எண்தான், வேறொரு ஆய்வு முடிவு அல்ல. இரண்டையும் இரண்டு ஆதாரங்கள் போலக் கட்டுரையில் அடுக்கினால் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

நாடுகளுக்கென்று தனியாக ஒரு ஓவர்ஷூட் நாள் சொல்கிறார்களே, அதில்தான் பெரிய சறுக்கல் நடக்கிறது. "மலேசியா தன் சொந்த வளங்களை அந்த நாளோடு முடித்துவிடுகிறது" என்று எழுதுவார்கள். அது தவறு. அந்த நாள் சொல்வது, உலகில் எல்லாரும் மலேசியரைப் போல வாழ்ந்தால் உலகத்தின் வருட விளைச்சல் எப்போது தீரும் என்பதை. எனவே பின்னத்தில் மேலே வைக்க வேண்டியது மலேசியாவின் உயிர்வளத் திறன் அல்ல, உலகச் சராசரியான ஆளுக்குச் சுமார் 1.5 உலக ஹெக்டேர். 1.5-ஐ 4-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 137-ஆவது நாள், மே மாத நடுப்பகுதி. தவறாக மலேசியாவின் 2.2-ஐ வைத்தால் 201-ஆவது நாள், ஜூலை மாதத்தின் மூன்றாவது வாரம் வரும். உங்கள் எண் வெளியிடப்பட்ட தேதியோடு இரண்டு மாதம் விலகி நின்றால், எந்த எண்ணை மேலே வைத்தீர்கள் என்று முதலில் பாருங்கள்.

வெவ்வேறு ஆண்டுகளின் நாளை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. 2024-இல் ஆகஸ்ட் 1 என்று அறிவித்தார்கள், 2025-இல் ஜூலை 24. "ஒரே வருடத்தில் எட்டு நாள் மோசமாகிவிட்டது" என்று எழுதத் தோன்றும். அந்த நகர்வில் பெரும்பகுதி தரவுத் திருத்தத்தால் வந்தது. கடல் உறிஞ்சும் அளவு முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்று திருத்தினார்கள், அதனால் காட்டின் பங்கு கூடியது. நம் வீட்டுக் கணக்கில் கழித்த அந்தக் கால் பங்கு எவ்வளவு கனமான எண் என்று இப்போது தெரிகிறதல்லவா? ஒவ்வொரு பதிப்பும் 1961 முதல் எல்லா வருடங்களையும் புதிதாகக் கணக்கிடுகிறது. ஆகவே போக்கைக் காட்ட வேண்டுமானால் பழைய செய்தித் துணுக்குகளைச் சேர்க்காமல், data.footprintnetwork.org-இல் ஒரே பதிப்பின் வரிசையை எடுங்கள்.

இந்த முறைக்கு எதிரான ஒரு வாதத்தையும் கட்டுரையில் சேர்த்தால் நல்லது. பயிர் நிலத்தில் தடமும் உயிர்வளத் திறனும் ஒரே விளைச்சல் எண்ணிலிருந்து வருகின்றன. விளைந்ததுதான் திறன், எடுத்ததும் அதே விளைச்சல். எனவே உலக அளவில் பயிர் நிலத்தில் ஓவர்ஷூட் என்பது கணக்கின் அமைப்பிலேயே தோன்ற முடியாது, மண் எவ்வளவு கெட்டுப்போயிருந்தாலும் சரி. உரத்தைக் கொட்டி விளைச்சலை ஏற்றினால் திறனும் ஏறியதாகவே காட்டும். உலகத் தடத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு கார்பன். ஓவர்ஷூட் முழுவதும் கிட்டத்தட்ட அதிலிருந்துதான் வருகிறது என்று 2013-இல் வெளியான ஒரு விமர்சன ஆய்வுக் கட்டுரை சுட்டிக்காட்டியது. என் பார்வையில் அந்த விமர்சனம் நியாயமானது. அதற்காக முறையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஓவர்ஷூட் என்ற எண் குறைந்தபட்ச மதிப்பீடு, மண்ணரிப்பும் நிலத்தடி நீரும் அதற்கு வெளியே நிற்கின்றன என்று ஒரு வரி எழுதினால் போதும்.

கடைசியாக உங்கள் வீட்டு எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கார்பனுக்கு 2.1, அரிசிக்கு 0.26, மொத்தம் சுமார் 2.4 உலக ஹெக்டேர். நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 0.6. நாட்டின் சராசரி 4. "எங்கள் வீடு நாட்டைவிட ஏழு மடங்கு சிக்கனம்" என்று முடிவுரை எழுதிவிடாதீர்கள். இந்த 0.6-இல் இறைச்சி இல்லை, மீன் இல்லை, துணிமணி இல்லை, கார் செய்த இரும்பு இல்லை, வீடு கட்டிய சிமெண்ட் இல்லை, மருத்துவமனையும் பள்ளியும் சாலையும் இல்லை. நாட்டின் 4-இல் அவை எல்லாம் உண்டு. ஒன்று நான்கு பில்லிலிருந்து கீழிருந்து மேலே கட்டியது, மற்றது வணிகப் புள்ளிவிவரத்திலிருந்து மேலிருந்து கீழே பிரித்தது. வீட்டுக்குள் ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள், எடுத்துக்காட்டாக மின்சாரத்தையும் அரிசியையும்.

சிவப்புக் கோடு விழுந்த அந்த வாக்கியத்தை இப்படி மாற்றலாம்: "மலேசியரின் சூழல் தடம் ஆளுக்கு ஏறக்குறைய 4 உலக ஹெக்டேர், எரிபொருளின் கரியமில வாயுவை உறிஞ்சத் தேவைப்படும் காட்டுப் பரப்பு அதன் ஒரு பகுதி. இது நாட்டின் உயிர்வளத் திறனைவிடப் பெரிது என்பதால் மலேசியா உயிர்வளப் பற்றாக்குறையில் இருக்கிறது." பக்கத்தில் பதிப்பின் ஆண்டையும் தரவின் ஆண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். தரவு எப்போதும் பதிப்பைவிடச் சில வருடம் பின்தங்கியிருக்கும்.